ஐந்து பவுன் வைத்தால் ஐந்து பவுனுக்கு ஏன் பணம் வருவதில்லை?

நம்மில் அநேகம் பேருக்கு விதைப்புச் செலவு நகையில் இருந்துதான் வருகிறது. ஆடி, ஆவணியில் வங்கிக்குப் போகும் நகை தை, மாசி அறுவடைக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறது. ஆனாலும் "எவ்வளவு கிடைக்கும்" என்று நாம் போடும் கணக்கும், வங்கியில் போடும் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

மீமிசல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். ரசாயனம் போடாமல் சில வருடமாக நெல் விதைத்து வந்த மண் அது. வீட்டுக் கஷ்டத்தில் அதை 2,25,000 ரூபாய்க்கு ஒத்தி வைத்துவிட்டார். ஒத்திக்காரர் உப்பு உரமும் களைக்கொல்லியும் போடுகிறவர். இந்தப் புரட்டாசி விதைப்புக்கு முன்னால் திருப்பாவிட்டால் இன்னொரு போகமும் அவர் கையில்தான். அக்காவிடம் ஐந்து பவுன் நகை இருந்தது. கல் வைத்த நெக்லஸ் நாலு பவுன், ஜிமிக்கித் தோடு ஒரு பவுன். "கடையில கிராம் ஒன்பதாயிரம்னு போட்டிருக்கான். நாப்பது கிராமுக்கு மூணு லட்சத்து அறுபதாயிரம். மூணு லட்சமாவது தரமாட்டாங்களா? ஒத்தி போக மீதி உழவுக்கு ஆகும்" என்று சொல்லி, ஒத்திக்காரரிடம் தேதியும் குறித்துவிட்டார்.

வங்கியில் சொன்ன தொகை 2,08,000 ரூபாய். உழவுக்கு மிஞ்சுவது இருக்கட்டும், ஒத்திக்கே 17,000 குறைந்தது. அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. "ஏமாத்துறாங்களோ?" என்றுதான் முதலில் கேட்டார். நானும் கூட இருந்ததால் ஒவ்வொரு படியாக விசாரித்தோம். தங்க விலை தினமும் மாறும் என்பதால் இங்கே தரும் விலைகளை ஒரு உதாரணமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி எடை. மதிப்பீட்டாளர் நகையை அப்படியே தராசில் வைத்தார். 40 கிராம் சரியாக இருந்தது. இது மொத்த எடை. பிறகு நெக்லஸைத் திருப்பி, கற்களை எண்ணி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். கல்லுக்கும், கல்லைப் பிடித்திருக்கும் அரக்குக்கும் 4.5 கிராம், பின்னால் கட்டும் பட்டுக்கயிற்றுக்கு அரை கிராம் கழித்தார். ஜிமிக்கியில் கல்லுக்கும் முத்துக்கும் 1.2 கிராம் போனது. ஆக 6.2 கிராம் கழிவு. மிச்சம் 33.8 கிராம்தான் தங்கம். "கல்லுக்குத் தனி விலை கிடையாதா?" என்று அக்கா கேட்டார். கிடையாது. நல்ல கெம்புக் கல்லே ஆனாலும் கடனுக்கு அதை மதிப்பில் சேர்ப்பதில்லை. தங்கத்தின் சொந்த மதிப்பு மட்டும்தான் கணக்கு. நாம் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் அதேபோல் இங்கே செல்லாது.

கல்லைப் பிடுங்கி எடை போட முடியாதே, எப்படிக் கழிக்கிறார்கள்? அனுபவத்தில் போடும் மதிப்புதான். கல்லின் அளவு, எண்ணிக்கை, பின்பக்கம் திறந்திருக்கிறதா, மூடி அரக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். மூடின வேலைப்பாட்டில் உள்ளே எவ்வளவு அரக்கு என்று வெளியே தெரியாது. தப்பாகச் சொல்லிக் கடன் மூழ்கினால் மதிப்பீட்டாளர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் சந்தேகம் வரும் இடத்தில் கை கொஞ்சம் கூடுதலாகவே கழிக்கும். வாங்கினபோது கொடுத்த பில்லில் கல் எடையும் நிகர எடையும் தனியாக எழுதியிருந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம், அங்கே பேச இடம் உண்டு. அக்காவிடம் இருபது வருடத்துக்கு முந்தைய துண்டுச்சீட்டுதான் இருந்தது. அதில் மொத்த எடை மட்டும் எழுதி, மொத்தத்துக்கும் தங்க விலை போட்டிருந்தது. அதாவது கல்லுக்கும் அரக்குக்கும் அன்றைக்கே தங்க விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். நட்டம் அன்றைக்கே நடந்துவிட்டது, இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவது படி மாற்று. 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதுதான் கேரட். 22 கேரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், 916 என்று முத்திரை இருப்பது அதனால்தான். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் தொட்டு வைத்து, எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று ஒப்பிட்டார். ஜிமிக்கி 22 கேரட் நின்றது. நெக்லஸ் 20 கேரட் என்றார்.

பழைய நகைகளில் இது சகஜம். தங்கத்தை ஒட்ட வைக்கும் பொடியில் தங்கம் குறைவு. பற்றவைத்த இடம் அதிகமாக இருக்கும் கோர்வை நகையில் மொத்த மாற்று இறங்கிவிடும். உரைகல்லுக்கும் எல்லை உண்டு. உரசின இடத்தின் மேல்பரப்பை மட்டும்தான் அது சொல்லும். கடைகளில் வைத்திருக்கும் மாற்றுக்காணும் இயந்திரமும் மேல்பரப்பைத்தான் படிக்கிறது. அதனால்தான் ஒரே நகைக்கு இரண்டு இடத்தில் இரண்டு கேரட் சொல்கிறார்கள். ஹால்மார்க் முத்திரையும் ஆறு இலக்க அடையாள எண்ணும் உள்ள நகைக்கு இந்தச் சண்டை குறைவு.

20 கேரட் நகையை 22 கேரட் விலையில் மதிக்க, எடையைக் குறைத்துக்கொள்வார்கள். நெக்லஸின் நிகர எடை 27 கிராம். அதை 20-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 24.55 கிராம். ஜிமிக்கியின் 6.8 கிராமைச் சேர்த்தால் 31.35 கிராம். நாற்பது கிராம் இங்கே வந்து நின்றுவிட்டது.

மூன்றாவது படி விலை. கடைப் பலகையில் எழுதின விலை இங்கே எடுபடாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று நகைக்கடனுக்கென விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும் என்றது. அதன்படி கடந்த 30 நாள் சராசரி விலை, நேற்றைய முடிவு விலை இரண்டில் எது குறைவோ அதையே எடுக்க வேண்டும். விலை ஏறும் காலத்தில் சராசரி கீழே இருக்கும். அக்காவின் கணக்கில் நேற்றைய விலை 8,900, சராசரி 8,600. எனவே 8,600. மதிப்பு 2,69,610 ரூபாய்.

நான்காவது படி, மதிப்பில் எத்தனை பங்கு கடன் என்பது. சொந்தச் செலவுக்கான கடனில் இரண்டரை லட்சம் வரை 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 என்பது உச்ச வரம்பு. அக்காவுக்கு 85 சதவீதம், அதாவது 2,29,168 ரூபாய். இது ஒத்திக்குப் போதுமே! ஆனால் இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அசலும் வட்டியும் ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், அந்த 85 சதவீதத்துக்குள் வருட வட்டியும் அடங்க வேண்டும். வட்டி 10 சதவீதம் என்று வைத்தால் 2,29,168-ஐ 1.10-ஆல் வகுக்க வேண்டும். வருவது 2,08,335. வங்கியில் சொன்ன தொகை இதுதான்.

ஆக 3,60,000-க்கும் 2,08,000-க்கும் நடுவே போனது என்ன? கல், அரக்கு, கயிற்றில் 55,800. மாற்றுக் குறைவில் சுமார் 22,000. விலை வித்தியாசத்தில் 12,500. வங்கி நிறுத்தி வைக்கும் 15 சதவீதத்தில் 40,400. வருட வட்டிக்காக 20,800. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் இதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் தேதி குறிப்பதற்கு முன்னால் அக்கா வேறு ஏற்பாடு செய்திருப்பார்.

மாதாமாதம் வட்டி கட்டும் கடனாக எடுத்தால் 2,29,000 வரை கிடைக்கும் என்றார்கள். "மாசச் சம்பளமா வருது எனக்கு? நெல்லு வித்தாத்தானே காசு" என்றார் அக்கா. அது நியாயம். ஒரு மாதம் தவறினாலும் சிக்கல்தான். கடைசியில் வீட்டுக்குப் போய் ஒரு பவுன் சாதா வளையல் கொண்டுவந்தார். கல் இல்லை, 916 முத்திரை இருந்தது. எட்டு கிராமும் அப்படியே நின்றது. அதற்கு மட்டும் 53,000 ரூபாய்க்கு இடம் கிடைத்தது. அதே ஒரு பவுன் ஜிமிக்கிக்குக் கிடைத்தது 45,000. நெக்லஸில் பவுனுக்கு 41,000-கூட வரவில்லை. தேவையான 2,25,000 மட்டும் எடுத்து, ஒத்தியைத் திருப்பினார். உழவுச் செலவுக்கு இரண்டு ஆட்டை விற்றார்.

சாதா வளையல், சங்கிலிதான் கடனுக்கு ஏற்ற நகை என்பது இதில் தெரிகிறது. கல் நகையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெரும்பாலும் கிராமுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்திருப்பார்கள். நிகர எடையை அதனால் பெருக்கினால் கடன் தொகை வந்துவிடும். கல், அரக்குக் கழிவு அங்கேயும் இதேதான். தனியார் அடகுக்கடைக்கு 1943-ஆம் வருடத்து அடகுக்கடைக்காரர் சட்டம் தனியாக இருக்கிறது. மேலே சொன்ன ரிசர்வ் வங்கி வரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. அங்கே கல்லைக் குறைவாகக் கழித்து, கூடுதலாகத் தருகிறார்கள் என்றால் வட்டி விகிதத்தை முதலில் கேளுங்கள். தங்கத்தின் மதிப்பை ஒட்டி வாங்கிய கடன், விலை இறங்கினாலோ மழை பொய்த்தாலோ நகையை ஏலத்தில் கொண்டுபோய் விடும்.

நகை வைக்கும்போது ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். மதிப்பீடு உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். எதற்கு எத்தனை கிராம் கழித்தார்கள் என்று விளக்க வேண்டும். கேரட், மொத்த எடை, கழிவு, நிகர எடை, நகையின் படம், மதிப்பு எல்லாம் எழுதிய சான்றின் ஒரு பிரதி உங்கள் கையில் வர வேண்டும். புது விதி இதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. மொத்த எடையில் கழிவைக் கழித்தால் நிகர எடை வருகிறதா என்று அங்கேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கழிவு ஒரே எண்ணாக மொத்தமாக எழுதியிருந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தொகை சரியில்லை என்று தோன்றினால் கையெழுத்துப் போடாமல் நகையைத் திருப்பி வாங்கி, வேறு இடத்தில் காட்டலாம்.

திருப்பும் நாளில் அந்தச் சான்றை எடுத்துப் போங்கள். தராசில் வைத்து எடை பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, கல் எதுவும் குறையவில்லை என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். பணம் முழுவதும் கட்டியபிறகு அன்றைக்கே, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தந்தாக வேண்டும். அவர்கள் காரணமாகத் தாமதம் ஆனால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

மீமிசல் அக்காவின் சான்று இப்போது நிலப் பத்திரத்தோடு ஒரே பையில் இருக்கிறது. ஒத்தி மீண்ட வயலில் புரட்டாசியில் நெல் விதைத்துவிட்டார். கடனைக் கட்டி நகையைத் திருப்பினதும், நெக்லஸில் உள்ள கல்லை எடுத்துவிட்டு அந்தத் தங்கத்தைச் சாதா சங்கிலியாக மாற்றலாமா என்று ஆசாரியிடம் கேட்டு வைத்திருக்கிறார்.