வைக்க வேண்டியதை முதலில் ஒதுக்குங்கள்

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் இடம் அது. நிரம்பிவிட்டால் புது மெயில் வராது, நாமும் அனுப்ப முடியாது. அப்போதுதான் பலரும் பதறிப்போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்கிறார்கள். கடை விளம்பரங்களோடு இன்சூரன்ஸ் பாலிசியும் போய்விடுகிறது.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து செய்யுங்கள். ஆயிரக்கணக்கான மெயில்களை ஒரே முறையில் தேர்ந்தெடுக்க போன் ஆப் தோதுப்படாது.

தொடங்கும் முன் செட்டிங்ஸில் General பகுதிக்குப் போய் Conversation view என்பதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரே விஷயம் பற்றி வந்த மெயில்களையும் பதில்களையும் ஜிமெயில் ஒரே சரமாகக் கோத்து வைக்கிறது. காப்பீட்டு முகவர் 2019-இல் எழுதிய மெயிலுக்கு நேற்று நீங்கள் பதில் போட்டிருந்தால் இரண்டும் ஒரே சரத்தில் இருக்கும். பழையதைத் தேடினால் 2019 மெயில் சிக்கும். ஆனால் அழிப்பது முழுச் சரத்தையும், நேற்றைய பதில் உட்பட. நட்சத்திரம் இட்டவற்றை விலக்கித் தேடினாலும் இதே ஆபத்து உண்டு. சரத்தில் ஒரு மெயிலுக்கு நட்சத்திரம் இருந்து இன்னொன்றுக்கு இல்லாவிட்டால், இல்லாத அந்த ஒன்றின் வழியாக மொத்தச் சரமும் தேடலுக்குள் வந்துவிடும். சரத்தைப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு மெயிலும் தனித்தனி.

அடுத்து, அழிக்க வேண்டியதைத் தேடாதீர்கள். வைக்க வேண்டியதைத் தேடுங்கள். தேடல் பெட்டியில் இப்படி எழுதலாம்:

```
has:attachment subject:(policy OR statement OR invoice OR receipt)
```

வந்தவற்றைத் தேர்ந்தெடுத்து Keep என்று ஒரு லேபிள் ஒட்டிவிடுங்கள். தேவையில்லாத சில மெயில்களுக்கும் லேபிள் விழலாம். அதனால் நஷ்டம் எதுவுமில்லை. பிறகு உங்கள் வங்கி, ஆடிட்டர், பிள்ளைகளின் பள்ளி ஆகியோரின் முகவரியை from: என்பதற்குப் பின்னால் எழுதித் தேடி, அவற்றுக்கும் அதே லேபிளை ஒட்டுங்கள். தலைப்பில் நாம் எதிர்பார்க்கும் சொல் இல்லாத மெயில்கள் இந்த வழியில்தான் அகப்படும்.

இனி அழிக்கலாம்:

```
category:promotions older_than:2y -label:keep -is:starred
```

விளம்பரப் பிரிவில் விழுந்தவை, இரண்டு ஆண்டுக்கு முந்தையவை, Keep லேபிளும் நட்சத்திரமும் இல்லாதவை என்று இதற்குப் பொருள். சொல்லுக்கு முன்னால் உள்ள சிறு கோடுதான் காவல். அதற்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். அடுத்தடுத்த பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள். வங்கிக் கடிதமோ டிக்கெட்டோ அங்கே தென்பட்டால் லேபிள் வேலை இன்னும் முடியவில்லை என்று அறியலாம்.

மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் உள்ளவை மட்டுமே, வழக்கமாக 50 மெயில்கள், தேர்வாகும். உடனே மேலே ஒரு வரி தோன்றும். அதன் முடிவில் that match this search என்று இருக்கும். அதைச் சொடுக்கினால்தான் தேடலில் சிக்கிய அத்தனையும் தேர்வாகும். பிறகு குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி, கேட்கும்போது உறுதி செய்யுங்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் நேரம் எடுக்கும். மிச்சம் இருந்தால் அதே தேடலை மறுபடி போட வேண்டியதுதான்.

இவ்வளவு அழித்தும் இடம் அதிகம் மிஞ்சவில்லையே என்று தோன்றலாம். விளம்பர மெயில் ஒன்று 50 கேபி என்று வைத்துக்கொண்டால், 10,000 மெயில் போனாலும் சுமார் 500 எம்பிதான். 20 எம்பி வீடியோ இணைப்புள்ள 25 மெயில்களே அதற்கு ஈடு. ஆகவே இடம்தான் உங்கள் கவலை என்றால் முதலில் larger:10M என்று தேடுங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் மொத்தமாக அழிக்கும் வேலை வேண்டாம். வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும் கல்யாண வீடியோவும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வேண்டியதை டவுன்லோடு செய்துகொண்டு அழியுங்கள்.

அழித்தவை Trash-இல் 30 நாள் இருக்கும். அதுவரை இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். இடம் அவசரமாக வேண்டுமானால் பார்த்து அழித்த பெரிய மெயில்களை மட்டும் அங்கிருந்து நீக்குங்கள். மற்றவை கிடக்கட்டும். அந்த 30 நாளுக்குள் ஒருமுறையாவது in:trash என்று எழுதி, பக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரையோ policy என்ற சொல்லையோ சேர்த்துத் தேடிப் பாருங்கள். அகப்பட்டதை இன்பாக்ஸுக்கு மாற்றிவிடலாம். கெடு முடிந்தால் ஜிமெயில் தானாகவே அவற்றை நிரந்தரமாக அழித்துவிடும்.