துளையின் ஆழம் எங்கிருந்து தொடங்குகிறது?

சுவரில் மாட்டிய டிவி சில மாதங்களில் லேசாக முன்பக்கம் சாய்ந்தால், பலரும் பிராக்கெட்டைத்தான் குறை சொல்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு துளையில் இருக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டிய பிளக், பாதி சிமெண்ட் பூச்சிலேயே நின்றிருக்கும்.

ஸ்க்ரூவை முடுக்கும்போது பிளக் விரிந்து சுற்றியிருக்கும் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் பிடிமானம். கான்கிரீட் அதைத் தாங்கும். பூச்சு தாங்காது, விரிசல் விட்டு உதிரும். ஆகவே ஆழத்தைச் சுவரின் முகத்திலிருந்து கணக்கிடக் கூடாது. கான்கிரீட் தொடங்கும் இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

பூச்சின் கனம் வீட்டுக்கு வீடு மாறும். அலுமினிய அச்சில் வார்த்த புது அடுக்ககச் சுவர்களில் பூச்சே இருக்காது, மெல்லிய பட்டி மட்டும் இருக்கும். தூண், பீம் உள்ள வழக்கமான வீடுகளில் 12 மி.மீ. பூச்சு சாதாரணம், சுவர் கோணலாக இருந்தால் 20 கூட வரும். அளக்க எளிய வழி உண்டு. பிராக்கெட் தகடு மறைக்கும் இடத்தில், 6 மி.மீ. பிட்டைப் போட்டு, ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் துளையிடுங்கள். பூச்சில் பிட் சுலபமாக இறங்கும். கான்கிரீட்டைத் தொட்டதும் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. அந்தத் துளையில் ஒரு கம்பியை விட்டு, சுவர் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து அளந்தால் பூச்சின் கனம் கிடைத்துவிடும். பிட் நிற்காமல் போய், சிவப்புத் தூள் கொட்டினால் அது செங்கல் சுவர். அதற்குக் கணக்கு வேறு.

இனி ஒரு கணக்கு. பூச்சு 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிளக்கின் நீளம் 50. துளையின் அடியில் தங்கும் தூளுக்கு 10 விட வேண்டும். மொத்தம் 72 மி.மீ. பிட்டின் நுனியிலிருந்து 72 அளந்து டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது மிஷினோடு வரும் ஆழக் கம்பியை அந்த அளவில் முடுக்கிவையுங்கள். துளையிட்டதும் தூளை ஊதி வெளியேற்ற வேண்டும். ரப்பர் பம்பு இல்லையென்றால் சைக்கிள் பம்பு போதும். தூள் அடைத்திருந்தால் பிளக் முழுதாக இறங்காது. அப்போது வெளியே நீட்டியிருக்கும் பகுதியை வெட்டிவிட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அது தவறு. வெட்டி எறிந்த அளவுக்குப் பிளக் கான்கிரீட்டுக்குள் இறங்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பிளக்கின் வாய் பூச்சைத் தாண்டி கான்கிரீட் மட்டத்தில் உட்கார வேண்டும். ஸ்க்ரூவை அதில் இரண்டு சுற்று ஏற்றி, ஸ்க்ரூவின் தலையில் மெதுவாகத் தட்டினால் பிளக் உள்ளே போகும். ஸ்க்ரூவின் நீளத்தையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். தகடு 3, பூச்சு 12, பிளக் 50, பிளக்கைத் தாண்டி நுனி எட்டிப்பார்க்க 5: ஆக 70 மி.மீ. பிராக்கெட் பெட்டியில் வரும் ஸ்க்ரூ 60 மி.மீ. என்றால், பூச்சில்லாத சுவருக்கு அது போதும். இந்தச் சுவரில் பிளக்கின் கடைசி 5 மி.மீ.யை எட்டாது. பிளக் நன்றாக விரிவதே அந்தக் கடைசிப் பகுதியில்தான். இதற்காக ஹார்டுவேர் கடைக்கு ஒருமுறை போய்வருவது வீண் அலைச்சல் அல்ல.

கையை இழுத்து நீட்டும் வகைப் பிராக்கெட்டில் இதெல்லாம் இன்னும் முக்கியம். டிவி 18 கிலோ, கை 45 செ.மீ. நீட்டியிருக்கிறது, தகட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை சுமார் 40 கிலோ, அதாவது டிவி எடையின் இரண்டு மடங்குக்கும் மேல். கையின் எடையை இதில் சேர்க்கவில்லை. சுவரோடு ஒட்டிய தட்டை வகையில் சுமை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும்.

72 மி.மீ. போவதற்குள் கம்பி குறுக்கிடலாம். தூண்களில் கம்பிக்கு மேல் 40 மி.மீ. கான்கிரீட் விடுவது வழக்கம். பூச்சையும் சேர்த்தால் 52 மி.மீ.யிலேயே கம்பி இருக்கக்கூடும். பிட் திடீரென்று நின்று, ஒலி கீச்சென்று மாறி, தூள் வராமல் போனால் கம்பியில் பட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அழுத்திக் கம்பியை அறுக்க முயலக் கூடாது. அது கட்டடத்தைத் தாங்குகிற கம்பி. ஆழத்தைக் குறைத்துச் சமாளிக்கவும் கூடாது. பிராக்கெட்டின் நீள்துளைகளைப் பயன்படுத்தித் தகட்டைச் சில செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, புதிதாகத் துளையிட்டு, பழைய துளையைச் சுருங்காத சிமெண்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும். நகர்த்தும்போது ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் உள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். வயர் செல்லும் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.