79 ரூபாய் 17 காசு

2007 தொடக்கத்தில் ஒரு டாலர் 44 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆண்டு முடிவதற்குள் 39 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. ரூபாய் பலப்பட்டதை நல்ல செய்தி என்றே பலரும் படித்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு அது அடி. விலை பேசியது டாலரில், கூலியும் நூலும் ரூபாயில். லாபம் சொற்பமான தொழிலில் டாலருக்கு ஐந்து ரூபாய் குறைவதை யார் தாங்குவார்?

இப்படி ஒரு இறக்கம் வந்தால் தாங்குமா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, உருப்படி 3 டாலர் வீதம் 20,000 டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 டாலர். விலை பேசிய அன்று டாலர் 85 ரூபாய் என்றால் வரவு 51 லட்சம். செலவு 47.5 லட்சம் போக மிச்சம் மூன்றரை லட்சம்.

முதலில் பார்க்க வேண்டியது முதலுக்கு மோசமில்லாத விலை. செலவை டாலர் தொகையால் வகுத்தால் 79 ரூபாய் 17 காசு. பணம் கைக்கு வரும் நாளில் டாலர் அதற்குக் கீழே போனால் நஷ்டம். 82-க்கு வந்தாலே லாபம் 1.7 லட்சமாகச் சுருங்கிவிடும், பாதிக்கும் கீழே.

டாலர் 90-க்கு ஏறினால்? தாளில் லாபம் ஆறரை லட்சம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரூபாய் சரிந்தது பையருக்கும் தெரியும். அடுத்த ஆர்டரில் பத்து சென்ட் குறைக்கச் சொல்வார். ஒப்புக்கொண்டால் வரவு 52.2 லட்சம்தான். செலவில் ஐந்து லட்சம் இறக்குமதிச் சாயத்துக்கும் ஜிப்புக்கும் போவதாக இருந்தால் அதுவும் ஏறக்குறைய 30,000 ரூபாய் கூடும். மிஞ்சுவது சுமார் 4.4 லட்சம். டாலரை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும் என்று போடும் கணக்கு பொய்க்கணக்கு.

இரண்டு கஷ்டங்கள் சேர்ந்து வருவதையும் பார்க்க வேண்டும். டாலர் 82-க்கு இறங்கி, பணமும் இரண்டு மாதம் தாமதமானால்? 35 லட்சம் பேக்கிங் கிரெடிட்டுக்கு ஒன்பது சதவீத வட்டி என்றால் கூடுதலாக 52,000 ரூபாய் போகும். இந்த ஆர்டரில் நஷ்டம் வராது. ஆனால் வாராவாரம் சனிக்கிழமைக் கூலிக்குக் கையில் பணம் இருக்குமா? லாபக் கணக்கு இதைக் காட்டாது. வரவு செலவை வாரவாரியாக எழுதினால்தான் எந்த வாரம் பெட்டி காலியாகும் என்பது தெரியும்.

கணக்கு பயமுறுத்தினால் வங்கியில் ஃபார்வர்ட் கான்ட்ராக்ட் போடலாம். பாதித் தொகையை 85-க்கு உறுதிசெய்தால், டாலர் 79-க்கே விழுந்தாலும் ஆர்டரில் 1.7 லட்சம் நிற்கும். முழுத் தொகைக்கும் போட நான் தயங்குவேன். ஆர்டர் ரத்தானாலும் வங்கிக்குத் தந்த வாக்கு ரத்தாகாது. டாலர் அன்று ஏறியிருந்தால், கான்ட்ராக்டை முறிக்க அந்த வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும்.