புதிய சிம் அட்டையும் பதிவேட்டின் மறுமொழியும்

புதிய கைப்பேசி இணைப்பு ஒன்றை வாங்கி, கடைக்காரர் "இணைப்பு உயிர் பெற்றுவிட்டது" என்று சொல்லக் கேட்டு, ஆவலுடன் அட்டையைக் கருவியில் பொருத்தியவுடன், திரையில் "SIM not provisioned MM#2" என்றோ, "Invalid SIM" என்றோ எழுத்துகள் தோன்றுவதுண்டு. அட்டை பழுது என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். கருவி கெட்டது என்று வேறு சிலர் கருதுகின்றனர். அட்டையைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பொருத்துவோரும் உளர். இவ்வெழுத்துகள் உண்மையில் எதைக் கூறுகின்றன என்பதை அறிந்துகொண்டால், வீண் அலைச்சலும், அதனினும் பெரிய ஓர் இடரும் நீங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் பிறருக்குச் சொல்லும் பத்து இலக்கக் கைப்பேசி எண், வலையமைப்பு நம்மை அடையாளம் காணும் எண் அன்று. அட்டையின் உள்ளே ஐ.எம்.எஸ்.ஐ. எனப்படும் 15 இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்திய அட்டைகளில் அது பெரும்பாலும் 404 அல்லது 405 என்று தொடங்கும். அதனுடன், எவரும் வெளியே எடுத்துப் படிக்க இயலாத இரகசியத் திறவுகோல் ஒன்றும் உண்டு. 1991ஆம் ஆண்டு ஜெர்மனியின் முனிச் நகரத்து நிறுவனம் ஒன்று, பின்லாந்தின் ரேடியோலிஞ்சா நிறுவனத்துக்கு முதல் சிம் அட்டைகளைச் செய்து கொடுத்த நாள்தொட்டு, இவ்விரண்டுமே அட்டையின் உயிர்நிலையாக இருந்து வருகின்றன.

அட்டையின் மேற்புறத்திலும், அது வந்த உறையிலும் அச்சிட்டுள்ள எண் வேறு. அது 19 அல்லது 20 இலக்கங்கள் உடையது; இந்தியாவில் 8991 என்று தொடங்கும். 89 என்பது தொலைத்தொடர்பைக் குறிக்கும், 91 நம் நாட்டைக் குறிக்கும். கடைக்காரர் தம் கருவியில் பதிவு செய்வது இந்த எண்ணைத்தான்.

கடையில் நம் ஆதாரையோ வேறு சான்றையோ சரிபார்த்து, அச்சிட்ட எண்ணையும் நமக்குரிய கைப்பேசி எண்ணையும் அவர் அனுப்பிய பின், நிறுவனம் அவற்றை ஆராய்ந்து தன் தலைமைப் பதிவேட்டில் ஒரு வரியை எழுதுகிறது. "இந்த ஐ.எம்.எஸ்.ஐ. உடையவர் நம் சந்தாதாரர்; அவருக்குரிய கைப்பேசி எண் இது; இன்னின்ன சேவைகள் அவருக்கு உண்டு" என்பதே அவ்வரியின் பொருள். இணைப்பு உயிர் பெறுதல் என்பது இவ்வரி எழுதப்படுதலே ஆகும். கடைக்காரரின் திரையில் "முடிந்தது" என்று தோன்றுவது விண்ணப்பம் ஏற்கப்பட்டதன் அடையாளமேயன்றி, இவ்வரி எழுதப்பட்டதன் அடையாளம் அன்று. இரண்டுக்கும் இடையே சில நிமிடங்களும் கழியலாம், சில மணி நேரமும் கழியலாம்.

அட்டை கருவியில் ஏறியதும் நடப்பதைப் பார்ப்போம். கருவி அட்டையைப் படிக்கிறது, அருகிலுள்ள கோபுரத்தைத் தேடிப் பிடிக்கிறது, தன் ஐ.எம்.எஸ்.ஐ.யைச் சொல்லி இடம் கேட்கிறது. கோபுரத்தின் பின்னால் உள்ள நிலையம் தலைமைப் பதிவேட்டைக் கேட்கிறது. அங்கே அவ்வரி இல்லையெனில், "இவரை அறியேன்" என்னும் மறுமொழி வருகிறது. உலக முழுமைக்கும் பொதுவான கைப்பேசி விதிகளில் இம்மறுமொழிக்கு 2 என்று எண் இட்டிருக்கிறார்கள். திரையில் காணும் MM#2 இதுவே. எல்லாக் கருவிகளும் இந்த எண்ணைக் காட்டுவதில்லை. சில, அட்டை செல்லாது என்பதோடு நின்றுவிடும்.

இதனின்று ஒரு செய்தி பெறப்படுகிறது. MM#2 என்று தோன்றினால், கருவி அட்டையைப் படித்துவிட்டது, அலை கிடைத்துவிட்டது, கோபுரம் பதிலும் சொல்லிவிட்டது என்பது உறுதி. ஆகவே அட்டையைத் துடைப்பதாலோ, வீட்டு மாடிக்கு ஏறி நிற்பதாலோ பயன் எதுவும் இல்லை. அட்டையின் முகம் அழுக்கேறிப் படிக்க இயலாதபோது, அட்டையே இல்லை என்றுதான் கருவி கூறும்.

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூர் போன்ற எல்லைப்புற ஊரில் இருப்போருக்கு மற்றோர் ஐயம் எழக்கூடும். ஆரணியாற்றங்கரையில் உள்ள அவ்வூர் ஆந்திரப் பிரதேசத் தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தது. ஊத்துக்கோட்டைச் சாலையில் சற்றுச் சென்றால் தமிழ்நாட்டு வட்டம் வந்துவிடுகிறது. "தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்ததால்தான் இப்படி ஆயிற்றோ?" என்று கேட்கலாம். அவ்வாறு அன்று. எந்தக் கோபுரம் பிடித்தாலும், கேள்வி அட்டைக்கு உரிய சொந்தப் பதிவேட்டுக்கே செல்கிறது. அங்கே வரி இல்லையெனில், எல்லைக்கு இப்பால் நின்றாலும் அப்பால் நின்றாலும் மறுமொழி ஒன்றே.

இனி, பலரும் அறியாத பகுதிக்கு வருவோம். மறுமொழி 2 வந்துவிட்டால் கருவி மீண்டும் மீண்டும் கேட்பதில்லை. தன்னை அணைக்கும் வரையிலோ, அட்டையைக் கழற்றும் வரையிலோ அந்த அட்டை செல்லாதது என்று கருதிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. ஏற்கப்படாத கருவிகள் ஓயாது கதவைத் தட்டி வலையமைப்பை நெருக்கக் கூடாது என்பதற்காக அவ்விதி அமைந்தது. புதிய கருவிகளில் சில, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத் தாமே மறுபடி முயலும். ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பிச்சாட்டூரில் ஒரு விவசாயி மாலை 4 மணிக்குப் புதிய இணைப்பு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 4.10க்கு அட்டையைப் பொருத்துகிறார், MM#2 தோன்றுகிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் வரி எழுதப்பட்டது 6.30 மணிக்கு. விண்ணப்பத்தில் அவர் கொடுத்திருந்த மகனுடைய எண்ணுக்கு, இணைப்பு தொடங்கியது என்ற குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. ஆயினும் இரவு 9 மணிக்கும் அவருடைய திரையில் அதே எழுத்துகள்! காரணம், அவர் காண்பது 4.10க்கு வந்த பழைய பதில். 6.30க்குப் பின் கருவி யாரையும் கேட்கவே இல்லை. கருவியை முற்றிலும் அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் இயக்கினால், கேள்வி புதிதாக எழும். இம்முறை பதிவேடு அவரை ஏற்கும். செய்தி வந்த பின் அணைத்து இயக்குதலே மருந்து. வரும் முன் நூறு முறை செய்தாலும் பலன் இல்லை.

அலைக்கோடுகள் தோன்றியும் அழைப்புச் செல்லவில்லையெனில், அது வேறு நிலை. பதிவேட்டில் வரி எழுதப்பட்டது, சேவை இன்னும் திறக்கப்படவில்லை என்பதே பொருள். சில இணைப்புகளுக்கு, வாங்கியவர்தாமா பேசுகிறார் என்று தொலைபேசி வழியே சரிபார்க்கும் முறை உண்டு, பி.எஸ்.என்.எல். இதற்காக 1507 என்னும் எண்ணை வைத்திருக்கிறது.

திரையில் MM#6 என்றோ, "Phone not allowed" என்றோ தோன்றினால், குற்றம் அட்டையின்மீது இல்லை, கருவியே தடுக்கப்பட்டிருக்கிறது. திருட்டுப்போன கருவிகளை நாடெங்கும் தடுக்கும் மையப் பதிவேடு 2023 மே மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய கருவி வாங்குவோர் *#06# என்று அழுத்தி அதன் 15 இலக்க எண்ணை அறிந்து, KYM என்று தட்டி, இடைவெளி விட்டு அவ்வெண்ணைச் சேர்த்து, 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் கருவியின் நிலை தெரியவரும்.

இனி, செய்தியும் வந்து, கருவியையும் அணைத்து இயக்கி, வேறொரு கருவியில் இட்டுப் பார்த்தும் MM#2 நீங்கவில்லை என்று கொள்வோம். அப்போது ஐயப்பட வேண்டியது ஒன்று உண்டு: எழுதப்பட்ட வரி வேறோர் அட்டைக்கு உரியதாக இருக்கலாம். கடையில் இரண்டு உறைகள் அடுத்தடுத்துத் திறக்கப்படும்போது, ஒருவருடைய அட்டை மற்றவருடைய உறைக்குள் போய்விடுவதுண்டு. அச்சிட்ட எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைக் கணக்கிட்டுப் பெறப்பட்ட சோதனை இலக்கம் ஆதலால், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணக்கு ஒத்துவராது. ஆனால் அட்டையே மாறிவிட்டால், இரண்டு எண்களும் தம்மளவில் சரியானவை. கணிப்பொறி எவ்வாறு அறியும்? ஆகவே அட்டையில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. வேறுபட்டிருந்தால், உம்முடைய பெயரில் உள்ள இணைப்பு இன்னொருவர் கையில் இயங்குகிறது என்று பொருள். வங்கியின் இரகசிய எண்கள் அவருக்குச் சென்று சேரும். அன்றே திருத்திக்கொள்ள வேண்டிய பிழை இது. அதே நிறுவனத்தின் வேறோர் இணைப்பிலிருந்து 198ஐ அழைத்து, அட்டையின் எண்ணைப் படித்துச் சொல்லி, முறையீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன பெரிய இடர் இங்கேதான் இருக்கிறது. அட்டை இயங்கவில்லை என்று கடைக்குத் திரும்பிச் சென்றால், "முதல் முறை பதியவில்லை, மறுபடி விரல் வையுங்கள்" என்று கேட்போர் உண்டு. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் நாம் கண்டபடி, MM#2க்குப் பெரும்பாலும் காரணம் காலதாமதமே. விரல் ரேகைக்கு அதில் வேலை இல்லை. இரண்டாம் முறை வைக்கும் ரேகையால் நம் பெயரிலேயே இரண்டாவது இணைப்பு பிறந்து, மோசடிக்காரர் கைக்கு அது விற்கப்படுவது நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற செய்தியைக் கண்ணால் கண்ட பின்னரே மறுபடி விரல் வைக்க வேண்டும். ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள், மைய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் தம் பெயரிலுள்ள இணைப்புகளின் பட்டியலைப் பார்க்கலாம். தம்முடையது அல்லாத எண் இருப்பின், அது தமதன்று என்று அங்கேயே தெரிவிக்கலாம். புதிய இணைப்பு இயங்கத் தொடங்கிய சில நாள்களுக்குள் இதை ஒரு முறை பார்த்துவிடுவது நலம்.