ஆறு மாதம் முடிந்தது, கடிதம் வரவில்லையே!

ஈரோட்டில் ஒரு துணிக்கடை. கணக்கு எழுதும் வேலைக்கு ஒரு பெண் ஜூலை 1 அன்று சேர்ந்தார், மாதச் சம்பளம் 18,000 ரூபாய், புரொபேஷன் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 31 கடந்துவிட்டது. கன்ஃபர்மேஷன் கடிதம் வரவில்லை. வேலை சரியில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஜனவரியில் அவர் நிரந்தர ஊழியர்தானா?

பதில் அவருடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிறது. 'எழுத்துமூலம் உறுதி செய்யும்வரை புரொபேஷன் தொடரும்' என்ற வரி இருந்தால், தேதி கடந்ததால் மட்டும் அவர் நிரந்தரமாகிவிட மாட்டார். 'நீட்டித்தாலும் மொத்தம் ஒன்பது மாதத்துக்கு மேல் போகாது' என்று உச்சவரம்பு இருந்தால் கதை வேறு. அந்த வரம்பு தாண்டியும் வேலையில் வைத்திருந்தால், உறுதி செய்ததாகவே கொள்ளலாம் என்று வாதிட இடமுண்டு. பஞ்சாப் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். அது அரசுப் பணி விதிகளைப் பற்றிய தீர்ப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கன்ஃபர்மேஷன் ஆனதும் பெரும்பாலும் முதலில் மாறுவது நோட்டீஸ் காலம். இந்தப் பெண்ணின் ஆர்டரில் புரொபேஷனில் 7 நாள், அதன் பின் 30 நாள், இரு தரப்புக்கும் என்று இருக்கிறது. இது அவரையும் கட்டும். நிரந்தரமான பிறகு ஒரே வாரத்தில் கிளம்பினால், குறையும் 23 நாளுக்கான சம்பளமாக 13,800 ரூபாயை நிர்வாகம் கேட்கலாம்.

கடிதம் வராவிட்டாலும் நிற்கும் பாதுகாப்பு ஒன்று உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41, கன்ஃபர்மேஷன் ஆனதா என்று பார்ப்பதில்லை; ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தாரா என்றுதான் பார்க்கிறது. செய்திருந்தால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அவரை நீக்க முடியாது. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தரலாம். விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. ஆகவே ஜனவரியில், 'நீங்கள் இன்னும் புரொபேஷன்தான்' என்று சொல்லி 7 நாளில் அனுப்பினால், ஆர்டரில் உள்ள வரி சட்டத்தின் முன் நிற்காது. நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேலாளர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பணிக்கொடைக்கான சேவைக் கணக்கும் சேர்ந்த தேதியிலிருந்தே ஓடுகிறது. கன்ஃபர்மேஷன் தேதியிலிருந்து அல்ல.

எனவே புரொபேஷன் முடிந்த வாரமே ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: 'என் புரொபேஷன் டிசம்பர் 31 அன்று முடிந்தது. உறுதி செய்துள்ளீர்களா, நீட்டித்துள்ளீர்களா, எதுவரை என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' வாய்மொழியாக வரும் 'பார்த்துக்கலாம்' நாளை சாட்சிக்கு வராது.