தொகையை எழுத்திலும் எழுதுங்கள்

'ரூ.1,50,000 (ரூபாய் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்).' அலுவலக அறிக்கையில் தொகையை இப்படி இரண்டு விதமாக எழுதுவது வீண்வேலை அல்ல. இலக்கத்தில் ஒரு சுழியம் கூடிவிட்டால் கண்ணில் படாமல் போகலாம். எழுத்தில் 'பதினைந்து லட்சம்' என்று வந்தால் உடனே உறுத்தும். காசோலையில் இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு.

பணம் அல்லாத சிறிய எண்ணிக்கைக்கு எழுத்தே போதும்: 'மூன்று ஊழியர்கள்'. அளவு என்றால் இலக்கம்தான்: '3 கி.மீ.' நடுவில் ஓர் இடைவெளி வேண்டும்.

பெரிய குழப்பம் வீச்சில்தான் வருகிறது. 'ரூ.5 முதல் 10 லட்சம் வரை' என்றால் தொடக்கம் ஐந்து ரூபாயா, ஐந்து லட்சமா? 'ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை' என்று இரண்டு இடத்திலும் முழுமையாக எழுதுங்கள்.