பிள்ளைக்கென்று சேர்த்த பணம் பிள்ளை கைக்குப் போய்ச் சேருமா?

கணவனும் மனைவியும் சேர்ந்து சம்பாதிக்கும் வீட்டில் காப்பீட்டுப் படிவத்தில் நாமினி என்ற கட்டம் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதிக்கொள்வார்கள். ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்தக் கட்டத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலோர் பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையால் அந்தப் பணத்தை வாங்க முடியாது. அதை யார் வாங்குவார், பிள்ளை யாரிடம் வளரும் என்பதைத் தீர்மானித்துவிட்டுத்தான் எவ்வளவு சேமிப்பது என்ற கணக்குக்கு வரவேண்டும்.

எடுத்துக்காட்டாக ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண்ணை வைத்துக்கொள்வோம். ஐந்து வயதில் மகள். கணவரைப் பிரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, விவாகரத்து ஆகவில்லை. மொத்தச் சம்பளம் 20,500 ரூபாய். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போக 18,700 ரூபாய் அளவில் கைக்கு வருகிறது. வாடகை 5,000, மளிகை, காய்கறி, கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 6,000, பள்ளிக் கட்டணத்தை மாதக் கணக்காக்கினால் 1,500, பள்ளி விட்டபின் மகளைப் பார்த்துக்கொள்பவருக்கு 2,500, பஸ் செலவு 1,000, போனுக்கும் சில்லறைச் செலவுக்கும் 500. ஆக 16,500 போய், மீதம் நிற்பது 2,200 ரூபாய். இதை எதற்கு முதலில் ஒதுக்குவது?

அவருக்கு ஏற்கெனவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. உண்டு. அம்மாவுக்கும் மகளுக்கும் மருத்துவச் செலவை அது பார்த்துக்கொள்ளும். எனவே தனியாக மெடிக்கல் பாலிசி எடுக்க இப்போது அவசரமில்லை. ஆனால் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், நடப்பு அரையாண்டு (ஏப்ரல் முதல் செப்டம்பர், அல்லது அக்டோபர் முதல் மார்ச்) முடியும்வரைதான் சந்தா பிடிப்பார்கள். அதன்பின், அந்தச் சந்தாவுக்குரிய பயன்காலம் முடிந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும் மாதத்திலேயே மெடிக்கல் பாலிசிக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிடவேண்டும். ஈ.எஸ்.ஐ. இல்லாத வேலையில், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும்.

பி.எஃப். கணக்கோடு ஒட்டியே ஓர் ஆயுள் காப்பீடும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்துபோனால், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்கும் பட்சத்தில் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் குடும்பத்துக்கு வரும். தனியாகப் பிரீமியம் ஏதும் சம்பளத்தில் பிடிப்பதில்லை என்பதால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நம் ஈரோட்டுப் பெண்ணின் பி.எஃப். நாமினேஷனில் இன்னமும் கணவர் பெயர்தான் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் எழுதியது. பிரிந்தாலும் விவாகரத்தே ஆனாலும் அந்தப் பெயர் தானாக மாறாது. இன்னொரு விஷயமும் உண்டு. விவாகரத்து ஆகாதவரை பி.எஃப். விதிப்படி கணவர் குடும்ப உறுப்பினர்தான். ஆனால் பெண் உறுப்பினர் ஒருவர், கணவரைத் தன் குடும்பக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்வதாக பி.எஃப். ஆணையருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று திட்ட விதியிலேயே இடமிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மகளை நாமினியாகவும் அவளுக்காகப் பணத்தைப் பெறும் காப்பாளராகத் தன் அக்காவையும் பதியவேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. எனக்குத் தெரிந்து, இந்த வரிசையில் முதல் வேலை இதுதான்.

இரண்டாவது, டேர்ம் பாலிசி. எவ்வளவுக்கு? மகளுக்கு 21 வயதாக இன்னும் 16 ஆண்டுகள். அம்மா இல்லாமல் அக்கா வீட்டில் வளர்ந்தால் மாதம் 10,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 19.2 லட்சம். கல்லூரிக்கு ஐந்து லட்சம். ஆக 25 லட்சத்துக்குக் காப்பீடு போதும். வட்டி சேருமே என்று கேட்கலாம்; விலைவாசியும் ஏறும், ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதே பத்திரம். எத்தனை ஆண்டுக்கு? 20 ஆண்டு போதும். அதற்குள் மகள் சொந்தக் காலில் நின்றுவிடுவாள். அறுபது, எழுபது வயது வரை நீட்டினால் பிரீமியம்தான் கூடும்.

முகவர்கள் இந்த இடத்தில் பெரும்பாலும் குழந்தைகள் பாலிசி அல்லது பணம் திரும்பக் கிடைக்கும் பாலிசியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மாதம் 1,500 ரூபாய் கட்டும் அப்படியொரு பாலிசியில் ஆயுள் காப்பீடு மூன்று, நான்கு லட்சத்தைத் தாண்டுவது அரிது. இரண்டு ஆள் சம்பளம் வரும் வீட்டுக்கு அது சேமிப்பாகவாவது உதவும். ஒற்றைச் சம்பள வீட்டில் மிச்சம் 2,200 ரூபாயில் பெரும்பகுதி அதிலேயே போய், பிள்ளைக்குப் போதிய காப்பீடும் இல்லாமல், கையில் அவசரப் பணமும் இல்லாமல் ஆகிவிடும். பத்திரத்தில் ‘காப்புத் தொகை’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். கட்டும் பணத்துக்கு அந்த எண் மிகச் சிறிதாக இருந்தால் அது நமக்கு ஏற்ற பாலிசி அல்ல. பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிட உரிமை உண்டு.

டேர்ம் பாலிசி கேட்டுப் போனால் பட்டம் உண்டா, வருமான வரிக் கணக்கு உண்டா என்று சில நிறுவனங்கள் தட்டிக்கழிக்கலாம். அப்படியானால் ‘சரல் ஜீவன் பீமா’ என்று பெயரைச் சொல்லியே கேட்கவேண்டும். 2021 ஜனவரியிலிருந்து எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி நிபந்தனையில் தரவேண்டிய எளிய டேர்ம் பாலிசி இது. படிப்பு, தொழில், ஊர் என்று பார்த்து மறுக்கக்கூடாது. சேர்ந்த முதல் 45 நாட்களில் விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் உண்டு. பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே மூன்று இடத்திலாவது விசாரிக்கவேண்டும். நம் கணக்கில் மாதம் 600 ரூபாய் இதற்கு ஒதுக்குவோம். இதோடு வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டமும், 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும் இருக்கட்டும். இரண்டிலும் தலா இரண்டு லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணமில்லாமல் இவை நின்றுபோவது சகஜம். ஜூன் மாதம் பாஸ்புக்கில் அந்த இரண்டு பிடித்தமும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாலிசிகள் எல்லாவற்றிலும் மகள் நாமினி. அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை பணத்தைப் பெறுபவராக அக்கா பெயரையும் எழுதவேண்டும். படிவத்தில் ‘அப்பாயிண்டீ’ என்று இருக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பிறகு நீதிமன்றப் படி ஏறவேண்டி வரலாம். அந்த இடத்தில் பிள்ளை உண்மையில் யார் வீட்டில் வளரப்போகிறதோ அவர் பெயர்தான் இருக்கவேண்டும். பணம் ஒரு வீட்டுக்கும் பிள்ளை இன்னொரு வீட்டுக்கும் போனால் இரண்டுக்கும் நல்லதில்லை.

அடுத்து உயில். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சேர்ந்து போகும். விவாகரத்து ஆகாத கணவர் பிரிந்து எத்தனை ஆண்டானாலும் பங்குதாரர்தான். வங்கிப் பணத்துக்கு நாமினி போட்டிருந்தாலும் அவர் வாங்கி வைப்பவரே தவிர உரிமையாளர் ஆகமாட்டார். அதனால் சேமிப்பு, நகை எல்லாம் மகளுக்கு என்று ஒரு தாளில் எழுதி, பயன் பெறாத இரண்டு பேர் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களிடமும் கையெழுத்து வாங்கினால் உயில் செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை. விரும்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கணவரை இழந்த பெண் என்றால் பிள்ளைக்குக் காப்பாளர் யார் என்பதையும் உயிலிலேயே நியமிக்கலாம். தந்தை உயிரோடு இருந்தால் பொதுவாக அப்படி முடியாது. தாய்க்குப் பின் அவர்தான் இயற்கைக் காப்பாளர். அவர் பிள்ளையைப் பார்க்கவே வராதவர் என்றால், அவரை எதிர்த்து, காப்பாளர் பொறுப்பை அக்காதான் நீதிமன்றத்தில் கேட்கவேண்டியிருக்கும். பிள்ளையைத் தாயே வளர்த்ததற்கான பள்ளி ரசீதுகளும் மருத்துவச் சீட்டுகளும் அன்றைக்கு உதவும்.

இனி பிள்ளை பராமரிப்புச் செலவு. கையில் பணம் இறுகும்போது முதலில் கைவைக்கப்படுவது பார்த்துக்கொள்பவருக்குக் கொடுக்கும் அந்த 2,500 ரூபாய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் 788 ரூபாய். ஆள் இல்லாமல் மாதத்தில் நான்கு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலே 3,150 ரூபாய் போய்விடும். வேலையே ஆட்டம் காணும் அபாயம் தனி. எனவே வாடகைக்கு அடுத்ததாக இதைக் கட்டாயச் செலவில் வைக்கவேண்டும். மே மாத விடுமுறையில் முழுநாளும் பார்த்துக்கொள்ள இருமடங்கு கேட்பார்கள்; அதற்காக மாதம் 300 ரூபாய் தனியே எடுத்துவைத்தால் ஏப்ரல் கடைசியில் கடன் வாங்க வேண்டியிராது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும் என்பது சட்டம். பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை இருப்பவர்கள் இதை எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

டேர்ம் பாலிசிக்கு 600, வங்கிக் கணக்கில் பிடிக்கும் இரண்டு காப்பீட்டுக்கும் மாதக் கணக்கில் 38, மே விடுமுறைக்கு 300 போக மீதம் 1,260 ரூபாய்ச் சொச்சம். அதில் ஆயிரத்தை வங்கி ஆர்.டி.யில் போடலாம். தபால் நிலைய ஆர்.டி.யை மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது; வங்கி ஆர்.டி.யை அவசரத்துக்கு உடைக்கலாம் என்பதால் இதற்கு அதுவே பொருத்தம். முதல் இலக்கு ஒரு மாதச் செலவான 16,500. தீபாவளி போனஸ் அப்படியே இதில் விழுந்தால் ஓராண்டுக்குள் எட்டிவிடும். பிறகு மெதுவாக மூன்று மாதச் செலவு. மிச்சமுள்ள 250-ஐச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். பத்து வயதுக்குள் கணக்கு தொடங்கவேண்டும் என்பதால் இப்போதே தொடங்குவது சரி. ஆனால் அந்தப் பணம் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அல்லது பதினெட்டு ஆகும்வரை கைக்கு வராது. அவசரப் பணம் சேரும் முன் அதில் அதிகம் போட்டுவிட்டு, பிறகு நகையை அடகு வைப்பவர்கள் நிறையப் பேர்.

தந்தையிடமிருந்து ஜீவனாம்சம் கேட்பது பிள்ளையின் உரிமை. முன்பு 125-ஆம் பிரிவு என்று அறியப்பட்டது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் அந்தத் தொகையை மாதச் செலவுக்கணக்கில் சேர்க்கவேண்டாம். வந்தால் ஆர்.டி.க்கு, வராவிட்டால் வீடு தடுமாறாது.

கடைசியாக, அக்காவுக்குத் தெரியவேண்டியவை. பாலிசி எண்கள், யு.ஏ.என்., வங்கிக் கணக்கு, உயில் இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்து அவரிடம் காட்டிவிடவேண்டும். டேர்ம் பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, தைராய்டு என்று இருப்பதை மறைக்கவேண்டாம். மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால் மறைத்ததே மறுப்புக்குக் காரணமாகும். நிறுவனம் பணம் தர மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதவேண்டும். 30 நாளில் தீராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம். கட்டணமில்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவரே விசாரித்துத் தீர்ப்பார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். இந்த எண்ணையும் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.